டிகிளின் மகள் எங்கே போனாள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஆரோ’ தொடரை முதலிலிருந்து பார்த்து வருகிறேன். ஐந்தாவது சீசனில் குழம்பிப்போனேன். நாயகன் ஆலிவரின் கூட்டாளி ஜான் டிகிளுக்கு சாரா என்று ஒரு பெண் குழந்தை இருந்தாள். இப்போது ஒரு பையன் இருக்கிறான், அதுவும் பிறந்ததிலிருந்தே இருப்பவனைப் போல. காரணம் ‘தி ஃப்ளாஷ்’ தொடரில் இருக்கிறது என்றார் நண்பர். ‘ஆரோ’, ‘ஃப்ளாஷ்’, ‘லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’, ‘சூப்பர்கேர்ள்’ என்ற நாலு தொடருக்கும் ஒரே உலகம் என்றால் இதையெல்லாம் யார் கணக்கு வைத்துக்கொள்வது? எல்லாவற்றையும் ஒரே குழுவா எழுதுகிறது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரே குழு இல்லை. ஒவ்வொரு தொடருக்கும் தனி எழுத்தாளர் அறை இருந்தது. அவற்றுக்கு மேலே கிரெக் பெர்லான்டி, ஆண்ட்ரூ க்ரைஸ்பெர்க், மார்க் குக்கன்ஹைம் போன்ற தயாரிப்பாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களில் பொறுப்பில் இருந்தார்கள். கணக்கு வைப்பதற்கென்றே ஸ்கிரிப்ட் கோஆர்டினேட்டர் என்றொரு வேலை உண்டு. பெயர், தேதி, யாருக்கு யார் என்ன உறவு, யாருடைய ரகசியம் யாருக்குத் தெரியும் என்பதையெல்லாம் திரைக்கதையோடு ஒத்துப் பார்ப்பவர் அவர். திருத்தம் வந்தால் பக்கத்தின் நிறம் மாறும். வெள்ளைக்குப் பின் நீலம், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு மஞ்சள். பக்கத்து அறைக்காரர் வெள்ளைப் பிரதியைப் படித்துவிட்டு எழுதத் தொடங்கியிருக்க, இங்கே மஞ்சள் வந்திருக்கும். பாதிச் சிக்கல் இங்கேயே பிறக்கிறது.

எந்தக் குறிப்பேடும் நடந்ததைத்தான் வைத்திருக்க முடியும். இரண்டு அறைகளும் இனிமேல் எழுதப்போவது அதில் இராது. ஓர் அத்தியாயத்தைப் படமாக்க எட்டு ஒன்பது நாள், அதற்குப் பின் கிராஃபிக்ஸுக்குச் சில வாரங்கள். அக்டோபரில் வரும் முதல் அத்தியாயம் கோடையிலேயே முடிவாகிவிடும். அதனால் பெரிய மாற்றம் எதுவானாலும் சீசன் தொடங்கும் முன்பே மேல்மட்டத்தில் பேசி முடித்தாக வேண்டும்.

பேசும்போது இவர்கள் பிடித்துக்கொண்ட விதி எளிமையானது. ஒரு பாத்திரம் எந்தத் தொடரில் குடியிருக்கிறதோ, அதன் வாழ்க்கையில் பாரமான மாற்றம் அந்தத் தொடரில்தான் நடக்கும். விருந்தாளியாகப் போன இடத்தில் காயம் படலாம், தழும்பு தங்கக் கூடாது. நீங்கள் கேட்ட குழந்தை விஷயத்தை இந்த விதியை வைத்துப் பாருங்கள்.

2016 மே மாதம் ‘ஃப்ளாஷ்’ இரண்டாம் சீசன் முடிவில் அதன் நாயகன் பாரி ஆலன் கடந்த காலத்துக்கு ஓடித் தன் தாயைக் காப்பாற்றுகிறான். அக்டோபர் 4 அன்று வந்த ‘ஃப்ளாஷ்பாயிண்ட்’ அத்தியாயத்தில் அதைத் திரும்பச் சரிசெய்கிறான், ஆனால் உலகம் பழையபடி வந்து சேரவில்லை. பொது உலகம் என்பதால் இந்த விரிசல் எல்லாத் தொடர்களிலும் தெரிந்தாக வேண்டும். ஆனால் பாரத்தைப் பங்கிட்டதைக் கவனியுங்கள். சிஸ்கோவின் அண்ணன் செத்துப்போனது, ஜோவும் ஐரிஸும் பேசாமல் இருப்பது, கேட்லினுக்குப் பனிச்சக்தி வருவது எல்லாம் ‘ஃப்ளாஷ்’ வீட்டுக்குள்ளேயே நடந்தன. ‘ஆரோ’வின் தலையில் வைத்தது ஒரு கைக்குழந்தையை மட்டும். அதற்கு வசனம் இல்லை, நான்கு சீசனாகப் பின்னிய எந்தக் கதையும் அதன்மேல் நிற்கவில்லை. பெற்றோருக்கே பழைய நினைவு இல்லாததால் ‘ஆரோ’ எழுத்தாளர்கள் விளக்கக் காட்சி எழுதவும் தேவையில்லை. நீங்கள் பார்த்த மௌனம் மறதியால் வந்ததல்ல. டிகிளுக்கு அந்த உண்மை தெரியவருவது நவம்பர் இறுதியில் தொடர்கள் ஒன்றோடொன்று கலந்து வந்த ‘இன்வேஷன்’ கிராஸ்ஓவரில்தான்.

அந்தக் குழந்தையைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு லாபமும் இருந்தது. 2016 பிப்ரவரியில் ‘லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’ 2046ஆம் ஆண்டின் ஸ்டார் சிட்டியைக் காட்டியது. அங்கே பச்சை அம்பனாக நிற்கும் கானர் ஹாக், தன் உண்மைப் பெயர் ஜான் டிகிள் ஜூனியர் என்கிறான். அப்போது டிகிளுக்கு இருந்ததோ ஒரே மகள். ஃப்ளாஷ்பாயிண்ட் வந்ததும் ஜூனியருக்கு ஒரு பிறப்பு கிடைத்துவிட்டது. ஆனாலும் முழுதாகப் பொருந்தவில்லை. ‘ஆரோ’ தன் கடைசி இரண்டு சீசன்களில் தானே எதிர்காலத்தைக் காட்ட வந்தபோது கானர் வேறு, ஜூனியர் வேறு ஆகிவிட்டார்கள். கானர், பென் டர்னரின் மகன், டிகிள் தத்தெடுத்தவன். ‘லெஜண்ட்ஸ்’ காட்டியது நடக்கக்கூடிய எதிர்காலங்களில் ஒன்றுதான் என்று அன்றே சொல்லி வைத்திருந்ததால் தப்பித்தார்கள். எதிர்காலத்தைக் காட்டும் எந்தத் தொடரும் இப்படி ஒரு பின்வாசலைத் திறந்து வைத்துக்கொள்ளும்.

பின்வாசல் வைக்காமல் மாட்டிக்கொண்டதும் உண்டு. ‘ஆரோ’ நான்காம் சீசனின் முதல் அத்தியாயம், 2015 அக்டோபர். ஆறு மாதம் கழித்து என்று ஒரு கல்லறை, அருகில் ஆலிவர், பக்கத்தில் பாரி. உள்ளே இருப்பது யார் என்று அப்போது எழுத்தாளர்களே முடிவு செய்திருக்கவில்லை. அவர்கள் அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். தன் வீட்டுப் பாத்திரத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, அடுத்த வீட்டு நாயகனையும் அவனுடைய வேகத்தையும் அந்தத் தேதிக்கு ஈடு வைத்துவிட்டார்கள். ஏப்ரலில் ‘ஆரோ’வின் லாரல் இறந்து, 27ஆம் தேதி கதை அந்தக் கல்லறைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் ஏப்ரல் 19 அன்றே ‘ஃப்ளாஷ்’ தொடரில் பாரி தன் வேகத்தை ஸூம் என்ற வில்லனிடம் இழந்துவிட்டான். கல்லறைக் காட்சி அதற்கு முந்தைய நாட்களில் நடந்தது என்று கொண்டால்தான் கணக்கு நேராகும். செவ்வாய்க்கிழமை ‘ஃப்ளாஷ்’, புதன்கிழமை ‘ஆரோ’ என்று பார்ப்பவர், ஒரே வாரத்தில் வந்தவை ஒரே வாரத்தில் நடந்தவை என்றுதானே எடுத்துக்கொள்வார்? முரண்பாடுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கண்ணில் படும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் சுவர் எழுப்ப வேண்டும். ‘சூப்பர்கேர்ள்’ 2015இல் சிபிஎஸ் சேனலில் தொடங்கியது. அதன் உலகில் சூப்பர்மேன் ஊரறிந்தவர். ‘ஆரோ’ உலகில் அப்படி ஒருவரைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை. இரண்டையும் ஒட்டவைக்க முயலாமல் அதை எர்த்-38 என்று தனிப் பூமியாக்கினார்கள். ‘ஆரோ’ வந்த சிடபிள்யூ சேனலுக்கு மாறிய பிறகும் சுவர் நின்றது. உலகம் அழியப்போகும்போது பக்கத்து ஊர் நாயகனை ஏன் கூப்பிடவில்லை என்ற நச்சரிப்பான கேள்வி அங்கே எழவே இல்லை. என்னைக் கேட்டால் இந்த எழுத்தாளர்கள் செய்த ஆகப் புத்திசாலித்தனமான காரியம் அதுதான். 2019 டிசம்பரில் தொடங்கி 2020 ஜனவரி 14 அன்று முடிந்த ‘க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ அந்தச் சுவரை இடித்து எல்லாவற்றையும் எர்த்-பிரைம் என்ற ஒரே பூமியாக்கியது. முக்கியமான சிலருக்கு மட்டும் பழைய நினைவை ‘சூப்பர்கேர்ள்’ தொடரின் ஜான் ஜோன்ஸ் மீட்டுத் தருகிறார். மற்றவர்களுக்கு இதுதான் எப்போதும் இருந்த உலகம். அதற்குப் பின் ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு எது நினைவிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டியதாயிற்று.

நீங்கள் தொடர்ந்து பார்ப்பதாக இருந்தால் ‘ஃப்ளாஷ்’ முழுவதும் தேவையில்லை. மூன்றாம் சீசனின் முதல் இரண்டு அத்தியாயங்களைப் பார்த்துவிட்டு ‘ஆரோ’ ஐந்தாம் சீசனுக்கு வாருங்கள். ‘இன்வேஷ’னை மட்டும் ஒளிபரப்பான வரிசையில் பாருங்கள்: ‘ஃப்ளாஷ்’, ‘ஆரோ’, ‘லெஜண்ட்ஸ்’. நான்கு பாகம் என்று விளம்பரம் செய்தார்கள், ஆனால் ‘சூப்பர்கேர்ள்’ அத்தியாயத்தில் அதன் கடைசிச் சிறு காட்சி மட்டுமே கிராஸ்ஓவருக்கு உரியது, விட்டாலும் நஷ்டமில்லை. சாரா என்ன ஆனாள் என்று கேட்டீர்கள் அல்லவா, ‘க்ரைசிஸ்’ முடிந்த பின் திரும்பி வருகிறாள். பையனும் இருக்கிறான்.