குழம்பில் உடையும் கோஃப்தா

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரை கிலோ கொத்துக்கறியில் வெங்காயமும் மசாலாவும் சேர்த்து 12 உருண்டை பிடித்தேன். பெரிய தீயில் பொரித்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கிறது. சிறு தீயில் வைத்தால் எண்ணெய் குடிக்கிறது, குழம்பில் போட்டதும் உடைகிறது. முட்டை சேர்க்காததுதான் காரணமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முட்டை மேல் பழி போட வேண்டாம். உங்கள் கணக்கில் ஓர் உருண்டை 50 கிராமாவது இருக்கும், அதாவது நாலரை செ.மீ. குறுக்களவு. அதே கலவையில் 24 பிடித்தால் மூன்றரை செ.மீ. தான் வரும். ஒரு செ.மீ. தானே என்று தோன்றும். ஆனால் சூடு நடுவுக்குப் போய்ச் சேரும் நேரம் குறுக்களவின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. பெரிய உருண்டைக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் நேரம் வேண்டும். அதற்குள் வெளிப்புறம் கருகிவிடுகிறது.

இன்னொன்று, எண்ணெயிலேயே முழுதாக வேகவைக்கப் பார்க்கிறீர்கள். பொரிப்பது உருண்டைக்கு மேல்தோல் கட்டத்தான். உள்ளே வேகவைப்பது குழம்பின் வேலை. எண்ணெய் 170 டிகிரி அளவில் இருக்கட்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கலவையில் ஒரு கிள்ளு போட்டுப் பாருங்கள். அடியில் தங்காமல், சுற்றிலும் நுரைத்து மேலே வர வேண்டும். போட்டதுமே கறுத்தால் சூடு அதிகம். ஐந்தாறாகப் போடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய் ஆறிவிடும். முதல் ஒரு நிமிடம் கரண்டியே படக்கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் வெளியே நல்ல பழுப்பு வரும், எடுத்துவிடுங்கள். நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் அந்த நிலையில் யாரும் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதற்கே ஒரு ஆளைக் காவல் வைக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், சிறு தீயில் உடைந்ததற்குக் காரணம், தோல் கட்டும் முன்பே வெங்காயத் தண்ணீர் கசிந்ததுதான் என்று நினைக்கிறேன். பொடியாக அரிந்த வெங்காயத்தைத் துணியில் கட்டி இறுக்கிப் பிழியுங்கள். கறியை முதலில் உப்பு மட்டும் போட்டு இரண்டு மூன்று நிமிடம், கையில் பிசுபிசுவென்று ஒட்டும் வரை பிசையுங்கள். உப்பு இழுத்துவரும் புரதம்தான் பசை. அதன் பிறகே மற்றதெல்லாம். அதற்கு மேலும் பிசைந்தால் ரப்பர் பந்துதான் கிடைக்கும். மாவை அள்ளிப் போட்டாலும் உடையாது, ஆனால் கடித்தால் கறி இருக்காது. பிடித்த உருண்டைகளை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

குழம்பு மெல்லக் கொதிக்கும்போது உருண்டைகளைப் போட்டு, மூடி, சிறு தீயில் 15 நிமிடம் விடுங்கள். கிளற வேண்டாம். பாத்திரத்தின் காதைப் பிடித்து ஆட்டினால் போதும். ஒன்றை வெட்டிப் பாருங்கள், நடுவில் சிவப்பு இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

இதெல்லாம் கறி உருண்டைக்கு. பனீர், உருளைக்கிழங்கு கோஃப்தா வேறு ஜாதி. அதைக் குழம்பில் கொதிக்கவிட்டால் கரைந்தே போகும். முழுதாகப் பொரித்து வைத்துக்கொண்டு, பரிமாறும்போது மேலே குழம்பை ஊற்றுங்கள்.