அம்மா போனில் எழுதுவது அம்மாதானா?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கே ஒரு போன்தான். மெசேஜ் எழுதுவது அம்மாவா தம்பியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சொற்களை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வீட்டில் எல்லாரும் தட்டுவதை அந்த ஒரே கீபோர்ட்தான் கற்றுக்கொள்கிறது, அதனால் தம்பி இரண்டு எழுத்து தட்டியதுமே அம்மா வழக்கமாக எழுதும் 'சாப்டியா மகள்' மேலே வந்து நிற்கும், அவனும் அதையே தொட்டுவிடுவான். கீபோர்ட் சொல்லிக்கொடுக்காததைப் பாருங்கள்: ஒரு விஷயத்தை எத்தனை மெசேஜாக உடைக்கிறார், பிழை விழுந்தால் திருத்தி அனுப்புகிறாரா, எந்த நேரத்தில் எழுதுகிறார்.

எங்கள் அம்மா முழுக் கதையையும் ஒரு புள்ளிகூட இல்லாமல் ஒரே மெசேஜில் எழுதுவார். ஒருநாள் 'மகள்', 'ரீலோட் போடு', 'அவசரம்' என்று மூன்று துண்டாக வந்தது, அதுவும் அவர் மலையில் கொழுந்து எடுக்கிற நேரத்தில். சொல் அம்மாவுடையது, உடைத்த விதம் தம்பியுடையது. கேட்டதும் ஒத்துக்கொண்டான்.

ஆனால் ஒரு மெசேஜை வைத்து முடிவு கட்டாதீர்கள், பழைய இருபது முப்பதோடு ஒப்பிடுங்கள். அம்மா சொல்லச் சொல்ல தம்பி தட்டினாலும் இதே மாதிரிதான் இருக்கும், அப்போது கேட்பது உண்மையிலேயே அம்மாதான். காசு விஷயம் என்றால் கோல் எடுத்து அவர் குரலைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.