பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஐடில் குலுங்குவது ஏன், என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: ஆல்டர்னேட்டர் மாற்றுவதற்காக மெக்கானிக் பேட்டரியைக் கழற்றினார். வண்டி திரும்ப வந்ததிலிருந்து ரேடியோவில் CODE என்று வருகிறது, கடிகாரம் தப்பாக ஓடுகிறது. அதைவிட, சிக்னலில் நின்றால் இன்ஜின் குலுங்கி அணைந்தே போகிறது. முன்பு இப்படி இல்லை. எதையாவது கெடுத்துவிட்டாரா?

பதில்: பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. ஆல்டர்னேட்டருக்குப் போகும் தடித்த ஒயரில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் ஒரு பக்கம் அதிலும் மறு பக்கம் இன்ஜினிலும் பட்டால் தீப்பொறி பறக்கும். அதனால் பேட்டரியைக் கழற்றியது சரியான வேலைதான். திரும்ப மாட்டிய பின் ஐடிலை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, பழக்காமல் வண்டியைக் கொடுத்ததுதான் குறை.

ஐடில் ஏன் கெடுகிறது என்று முதலில் சொல்கிறேன். இப்போதைய கார்களில் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும், இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் தட்டு முழுதாக மூடிக்கொள்வதில்லை. இன்ஜின் அணையாமல் ஓடத் தேவையான காற்றுக்காக ஒரு மெல்லிய இடைவெளியை இன்ஜினின் கணினியான இசியு திறந்து வைத்திருக்கும். ஓடிய வண்டியின் த்ராட்டில் பாடியைக் கழற்றிப் பார்த்தால், தட்டின் விளிம்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கறுப்பு வளையம் தெரியும். அந்தக் கரி அடைக்கும் அளவுக்கு இசியு தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து பழகியிருக்கும். பல வண்டிகளில் இந்தப் பழக்கக் கணக்கு பேட்டரி மின்சாரம் இருக்கும் வரைதான் நினைவில் நிற்கும். பேட்டரி போனதும் புது வண்டிக்கு வைத்த அளவுக்கே திரும்பிவிடுகிறது. கரி மட்டும் அப்படியே இருக்கிறது. காற்று போதாமல் இன்ஜின் திணறுகிறது, ஏசி போட்டால் சுமை கூடி அணைந்தே போகிறது.

இதைச் சரிசெய்யும் முறை வண்டிக்கு வண்டி மாறும். பல ஹோண்டா கார்களுக்கு உள்ளதைச் சொல்கிறேன். ஏசி, விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சாவியை ON நிலையில் இரண்டு நொடி வைத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். கியர் நியூட்ரலிலோ பார்க்கிலோ இருக்கட்டும். ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கும் வரை 3000 ஆர்பிஎம்மில் பிடித்திருங்கள். அப்புறம் காலை முழுதாக எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். நடுவில் விசிறி ஓடும் நேரத்தை அந்த ஐந்து நிமிடத்தில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் விசிறியும் ஒரு மின்சுமைதான். இது முடிந்த பிறகு ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஆர்பிஎம் முள் ஒரு கணம் இறங்கினாலும் உடனே எழுந்து நிற்க வேண்டும்.

நிசான் கார்களில் பலவற்றுக்கு இப்படிக் காத்திருந்தால் போதாது. ஆக்சிலரேட்டர் பெடல், மூடிய த்ராட்டில், ஐடில் காற்று என்று வரிசையாகப் பழக்க வேண்டும். ஸ்கேனரில் செய்வதுதான் நிம்மதி. உங்கள் வண்டிக்கு எது என்பதை அதன் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்பு பேட்டரி டெர்மினல்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். லேசாக அசைந்தாலும் இறுக்குங்கள். லூசாக இருந்தால் பழகியது மறுபடியும் அழியும்.

எவ்வளவு எரிபொருள் விடுவது என்று இசியு பழகிய கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். அது ஓட்ட ஓட்டத் தானாகச் சேரும், அதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. புகைப் பரிசோதனையில் இசியுவைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வைத்துப் பார்ப்பார்கள் என்றால் மட்டும் சில நாள் ஓட்டிவிட்டுப் போங்கள். ஓடும்போது இசியு தானாகச் செய்யும் சுயசோதனைகள் முடியாத நிலையில் போனால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரேடியோ கோட் திருட்டுக்கு எதிரான பூட்டு. வண்டிப் புத்தகத்தோடு வந்த சின்ன அட்டையிலோ க்ளவ் பாக்ஸின் உட்புறம் ஒட்டியோ இருக்கும். இல்லையென்றால் ரேடியோவின் சீரியல் எண்ணை எடுத்து, வண்டி உங்களுடையது என்ற ஆதாரத்தோடு டீலரிடம் கேளுங்கள். ஊகித்து ஊகித்து எண்களைப் போடாதீர்கள், சில தப்பான முயற்சிக்குப் பிறகு அது பூட்டிக்கொள்ளும். கடிகாரத்தைக் கையால் வைத்தால் முடிந்தது. ஜன்னல் ஒரே அழுத்தில் ஏறவில்லையென்றால், முழுதாக இறக்கி, பிறகு ஏற்றி, மேலே முட்டிய பின்னும் சுவிட்சை இரண்டு மூன்று நொடி பிடித்திருங்கள். பல வண்டிகளில் இதிலேயே திரும்பிவிடும்.

பழக்கிய பிறகும் ஐடில் தாழ்ந்தே இருந்தால் கரி அதிகம் என்று அர்த்தம். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யச் சொல்லி மறுபடி பழக்குங்கள். மாறாக ஐடில் 1200, 1500 என்று உயர்ந்தே நின்றால் கதை வேறு. ஆல்டர்னேட்டர் வேலையின்போது பக்கத்திலிருந்த வேக்யூம் குழாய் கழன்றிருக்கலாம். இன்டேக் பக்கம் காது வைத்துக் கேளுங்கள், ‘ஸ்ஸ்’ என்று காற்று இழுக்கும் சத்தம் வரும். அந்தக் குழாயை மாட்டாமல் எத்தனை முறை பழக்கினாலும் ஐடில் சரியாகாது.