ஹாம்ஸ்டர் கடிக்கிறது, ராத்திரி சத்தம்

"சிரியன் ஹாம்ஸ்டர் வாங்கி ரெண்டு வாரம். ராத்திரியெல்லாம் சக்கரம் கடகடக்குது. பகல்ல பொண்ணு தூக்கினா கடிக்குது."

பகல் அதுக்கு நடுராத்திரி மாதிரிங்க. தூக்கத்தில் கை பட்டால் கடிக்கத்தான் செய்யும். இருட்டினதும் தானா வெளியே வரட்டும். பாப்பா தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதையோடு காத்திருக்கட்டும். மேலிருந்து கை இறங்கினால் பருந்துன்னு மிரளும். சில நாளில் தானே கையில் ஏறும்.

ஓடும்போது முதுகு பின்னால் வளையுதா பாருங்க. வளைஞ்சால் சக்கரம் சின்னது. கூண்டோடு வருவது பெரும்பாலும் அப்படித்தான். 28 செ.மீ. விட்டம், கம்பியில்லாத தளம் வேணும். எங்க வீட்டில் அச்சில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டதும் கடகடப்பு அடங்கிடுச்சு.

படுக்கைக்குக் காகிதத் துகள், ஒரு சாண் ஆழத்துக்கு. பஞ்சு மட்டும் வேண்டாம், காலில் சுத்திக்கும்.