230 வோல்ட் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோகிறேன். லேப்டாப், அயர்ன் பாக்ஸ், மிக்சி எல்லாம் அங்கே ஓடுமா? எந்த பிராண்ட் நல்லது?

லேப்டாப், போன் சார்ஜர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இன்புட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பிளக்கின் வடிவத்தை மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்றே போதும்.

வெறும் 220-240 என்று போட்டிருப்பவைதான் தகராறு. அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. இது தெரியாமல் என் 1000 வாட் அயர்ன் பாக்ஸை அங்கே கொண்டுபோய்ச் சொருகினேன். விளக்கு எரிந்தது, ஆனால் அரை மணி நேரம் ஆகியும் சட்டைச் சுருக்கம் அசையவில்லை. அங்கே வருவது 120 வோல்ட். வோல்டேஜ் ஏறக்குறைய பாதியானால் கரன்ட்டும் பாதியாகிவிடும். சூடு கால்வாசிதான் கிடைக்கும். 1000 வாட் பெட்டி 270 வாட்டில் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். இதையே திருப்பிப் போட்டால் ஆபத்து. 120 வோல்ட் ஹேர் டிரையரை 230-இல் சொருகினால் சூடு கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஏறும், சில நொடிகளில் கருகல் வாடை வந்துவிடும்.

மிக்சியை, 120 வோல்ட்டை 230 ஆக ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். மோட்டார் கிளம்பும்போது கரன்ட்டை அதிகமாக இழுக்கும் என்பதால் 750 வாட் மிக்சிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். அது செங்கல் மாதிரி கனமாக இருக்கும், சமையல் மேடையில் இடத்தையும் அடைக்கும். கையடக்கமாக, மலிவாகக் கிடைக்கும் பயணக் கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் சூடாக்கும் சாதனங்களுக்கு மட்டுமே ஆனவை. மோட்டாரை அதில் மாட்டாதீர்கள். அப்புறம், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை மறந்துவிடுங்கள். அங்கே சாதாரண சாக்கெட் 15 ஆம்பியர்தான், அதாவது 1800 வாட். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும் சுவரிலிருந்து அதற்கு மேல் எடுக்க முடியாது, பிரேக்கர் விழுந்துவிடும்.

சரி, பிராண்ட். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே கம்பெனி ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு வோல்டேஜில் செய்யும். சில சமயம் மாடல் எண்ணில் ஓர் எழுத்து மட்டும்தான் மாறியிருக்கும். டைசன் ஹேர் டிரையர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பெரும்பாலான மாடல்கள் இரண்டு வோல்டேஜிலும் ஓடாது. நம் ஊர் மிக்சிதான் வேண்டும் என்றால், ப்ரீத்தி அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மாடல் விற்கிறது. அதை அங்கே போய் வாங்குங்கள். வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும்.

நான் மறுபடி குடிபோனால் பெட்டியில் சார்ஜர்களை மட்டும்தான் வைப்பேன். அயர்ன் பாக்ஸை யாருக்காவது கொடுத்துவிட்டுக் கிளம்புவேன்.