பிப்ரவரி என்று எழுதுங்கள்

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். போன வாரம் ஒரு கன்சல்டன்சிக்காரர் லிங்க்ட்இன்னில் தானாகவே செய்தி அனுப்பி, ரெஸ்யூமே கேட்டிருக்கிறார். வேலை எனக்குப் பிடித்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மார்ச் சம்பளத்தோடு வரும் போனஸை விட்டுவிட்டுப் போக மனமில்லை. எனக்கு நோட்டீஸ் காலம் 90 நாள். தொடர்பு அறுந்துபோகாமல் எப்படி மறுப்பது? பதிலே போடாமல் விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: விட்டுவிடாதீர்கள். அறிமுகமில்லாதவருக்கு லிங்க்ட்இன்னில் இன்மெயில் அனுப்பினால், அனுப்புகிறவரின் கணக்கிலிருந்து ஒரு கிரெடிட் கழியும். 90 நாளுக்குள் நீங்கள் பதில் கொடுத்தால், அது ‘வேண்டாம்’ என்ற பதிலாகவே இருந்தாலும், அந்தக் கிரெடிட் அவருக்குத் திரும்பிவிடும். உங்கள் மறுப்பு அவருக்குப் பாதி லாபம், சங்கடப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ‘நன்றி, இப்போது ஆர்வமில்லை’ என்று மட்டும் எழுதினால் கதை அங்கேயே முடிந்துவிடும். நான் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தபோது எங்கள் எக்ஸெல் தாளில் கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. ஆர்வமில்லை என்றவர்களின் வரிசைக்குச் சிவப்பு அடித்துவிடுவோம். பிறகு யாரும் அதைத் திறப்பதில்லை. ஒரு பெண்மணி மட்டும் ‘மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, ஏப்ரலில் பேசலாம்’ என்று எழுதியிருந்தார். ஏப்ரல் முதல் வாரம் அவரைத்தான் முதலில் அழைத்தேன். குறிப்புக் கட்டத்தில் எழுத ஒரு மாதம் கிடைத்ததுதான் காரணம்.

உங்கள் மாதத்தைக் கணக்குப் போடுவோம். போனஸ் மார்ச் கடைசியில் கைக்கு வருகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் ராஜினாமா கொடுத்தால், 90 நாள் கழித்து, ஜூலையில் புது இடத்தில் சேரலாம். ஆஃபர் கடிதம் கையில் இல்லாமல் ராஜினாமா கொடுக்கக் கூடாது. அது மார்ச் கடைசிக்குள் வர வேண்டும். இரண்டு மூன்று சுற்று நேர்காணல், சம்பளப் பேச்சு என்று ஆறு வாரமாவது ஓடும். ஆக, பிப்ரவரி இரண்டாம் வாரம். அதற்குமுன் போனஸ் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வாங்கிய சில மாதங்களுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சில கடிதங்களில் ஒரு வரி இருக்கும். இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் தள்ளிப்போகும்.

ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பொருள் இப்படி இருக்கட்டும்:

‘வணக்கம். தேடி எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன வேலை எனக்கு ஏற்றதுதான். ஆனால் மார்ச் வரை நான் இடம் மாறுவதாக இல்லை. பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து பேசத் தயார். எனக்கு நோட்டீஸ் 90 நாள். ஜாவாவில் குழுவை வழிநடத்தும் பொறுப்பு, சென்னைக்குள் என்றால் மகிழ்ச்சி. அப்போது நானும் எழுதுகிறேன்.’

இதில் போனஸ் பற்றிப் பேச்சே இல்லை. அது அவருக்குத் தேவையில்லை. நோட்டீஸ் காலத்தைச் சொல்லியாக வேண்டும். அவசரமாக ஆள் தேடும் நிறுவனங்கள் 90 நாள் என்றதும் விலகிக்கொள்ளும், இருவருக்கும் நேரம் மிச்சம். இப்போதைய சம்பளத்தைச் சொல்லாதீர்கள். ஊதிய உயர்வுக்குப் பிறகு அந்த எண் பழையதாகிவிடும். ஆனால் அவருடைய தாளில் அப்படியே நிற்கும்.

ரெஸ்யூமே இப்போது வேண்டாம். கன்சல்டன்சிக்குக் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு. 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது பழகிய கணக்கு. ஒரே ஆளை இருவர் அனுப்பினால் யாருக்குக் கட்டணம் என்ற சண்டை வரும். அதனால் யார் முதலில் அனுப்பினார்கள் என்பதை நிறுவனங்கள் பதிந்து வைத்து, பல மாதங்களுக்கு அவர் பெயரிலேயே வைத்திருக்கும். அவசரக்காரர் ஒருவர் உங்களைக் கேட்காமலேயே நான்கு நிறுவனங்களுக்கு ரெஸ்யூமேயை அனுப்பிவிட்டால், நாளை அங்கே இருக்கும் உங்கள் தோழி பரிந்துரைத்தாலும் ‘ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ என்று திரும்பி வரும். பிப்ரவரியில் கொடுக்கும்போதும், ‘நிறுவனத்தின் பெயரைச் சொல்லி என் சம்மதம் பெற்ற பிறகே அனுப்பவும்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவருடைய லிங்க்ட்இன் அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் ஆட்கள் அடிக்கடி இடம் மாறுவார்கள். அலுவலக மின்னஞ்சல் செத்துவிடும், லிங்க்ட்இன் பக்கம் அவரோடே போகும். பிப்ரவரியில் அவர் எழுதுவார் என்று காத்திருக்காமல் நீங்களே எழுதுங்கள். புதிதாகத் தொடங்காமல் பழைய உரையாடலுக்குக் கீழேயே எழுதினால், நீங்கள் யார் என்பது அவருக்கு மேலே தெரியும்.

‘உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?’ என்று அநேகமாக அடுத்து கேட்பார். தோழியிடம் முதலில் கேட்டுவிட்டு, அவர் சரி என்றால் மட்டும் எண்ணைக் கொடுங்கள்.