மூன்று மருந்து பம்பு கடைசிக் கட்டமா?

"அப்பாவுக்கு 64 வயது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியில் 25 வருடம் வேலை பார்த்தார். பீடியை போன வருடம்தான் விட்டார். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கு முதலில் நீல பம்பு, பிறகு தினமும் உறிஞ்சும் கேப்ஸ்யூல், அப்புறம் இரண்டு மருந்து சேர்ந்தது என்று கொடுத்தார்கள். தை மாதம் 4 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது ஸ்டீராய்டும் சேர்ந்து மூன்று மருந்து உள்ள பம்பு எழுதியிருக்கிறார்கள். இது கடைசிக் கட்டமா? எலும்பு உருகும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். சளி கட்டினால் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கித் தருவோம், கேட்கும். இந்த வருடம் மூன்று தடவை ஆயிற்று. வாய் வறட்சி, கை நடுக்கமும் உண்டு. ரத்தப் பரிசோதனையில் மொத்த எண்ணிக்கை 8,000, ஈசினோஃபில் 4%."

கடைசிக் கட்டம் இல்லை. பம்பில் மருந்து கூடுவதை நாள் எண்ணுவதாக நினைக்க வேண்டாம். படி ஏறுவதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நடந்தால் எவ்வளவு இரைக்கிறது, வருடத்தில் எத்தனை தடவை நோய் திடீரென முற்றியது.

எப்போதாவது இரைத்தால் மூச்சுக்குழாயை விரிக்கும் ஒரு மருந்தே போதும். சமதரையில் நடக்கும்போதே நின்று நின்று போக வேண்டியிருந்தால், நீண்ட நேரம் வேலை செய்யும் இரண்டு விரிப்பான்கள் வேண்டும். இரைப்பு மட்டும்தான், முற்றல் இல்லை என்றால் ஸ்டீராய்டு தேவையில்லை. பம்பை இழுக்கும் விதத்தையும் இதயத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் அப்பா அந்த இரண்டு மருந்தில் இருந்தும் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். அந்த ஒன்றே அடுத்த படிக்குப் போதும்.

அடுத்த படியில் ஸ்டீராய்டு பலிக்குமா என்பதை ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான ஈசினோஃபில் சொல்லும். சதவீதத்தைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள்: 8,000-இல் 4% என்றால் 320. 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு பம்பு முற்றலை நன்றாகவே குறைக்கும். 100-க்குக் கீழே என்றால் பலன் சொற்பம், நிமோனியா அபாயம் மட்டும் மிஞ்சும். அப்போது அசித்ரோமைசின், ரோஃப்ளுமிலாஸ்ட் போன்ற வேறு வழிகளைப் பார்ப்போம்.

இப்போது உங்கள் 'செட்'டுக்கு வருகிறேன். அதில் பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக்கும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும், கேட்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்த மூன்று தடவையும் முற்றல்தான். அவை எந்தச் சீட்டிலும் ஏறவில்லை. டாக்டர் கணக்கில் ஒன்று, உண்மையில் நான்கு. கணக்கு சரியாக இருந்திருந்தால் தைக்கு முன்பே படி ஏற்றியிருக்கலாம். இன்னொன்று, ஸ்டீராய்டு மாத்திரை ஓடும்போது ரத்தம் எடுத்தால் ஈசினோஃபில் விழுந்து கிடக்கும். 320 உள்ளவருக்கு 50 என்று வரும், தேவையான மருந்து கைநழுவும். எலும்புக்குப் பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டியதும் இந்த மாத்திரைக்குத்தான். முற்றலுக்கு நாங்கள் கொடுக்கும் பிரெட்னிசோலோன் நாளுக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம், அதுவும் 5 நாள் மட்டும். பம்பில் இழுப்பது நாளுக்குச் சில நூறு மைக்ரோகிராம்.

பம்பு ஸ்டீராய்டுக்கும் விலை உண்டு. வாயில் வெண்படலம், குரல் கம்மல் வரும். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். நிமோனியா கொஞ்சம் கூடும். குவாரித் தூசி நுரையீரலில் காசநோய்க்கு இடம் கொடுக்கும். அப்பா செய்த வேலையை டாக்டரிடம் சொன்னீர்களா? முன்பு காசநோய் வந்திருந்தாலும், இப்போது எடை குறைந்தாலும், மாலைக் காய்ச்சல் இருந்தாலும் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை முடிந்த பிறகே ஸ்டீராய்டு பற்றி முடிவெடுக்க வேண்டும்.

புதியதைத் தொடங்கும் நாளில் பழைய கேப்ஸ்யூலையும் இரட்டை மருந்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். "சும்மா இருக்கிறதே" என்று சேர்த்து இழுத்தால் ஒரே மருந்து இரண்டு பங்காகும். இந்த வயதில் புரோஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீரே அடைத்துக்கொள்ளும். நீல பம்பு மட்டும் அவசரத்துக்குக் கூட இருக்கட்டும். வாய் வறட்சிக்குத் தண்ணீர் போதும், லேசான கை நடுக்கத்தை விட்டுத்தள்ளுங்கள். பம்பு பழகி அதற்கு அடிமையாகிவிடுவார் என்பதும் வெறும் பேச்சு.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, நீல பம்பின் பலன் 4 மணி நேரம்கூட நிற்காவிட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். அதோடு பகலிலேயே தூங்கி வழிந்து, கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பேசினால் அது அசதி அல்ல. கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்குகிறது. "பாவம், தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள், தூக்க மாத்திரையும் கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சி.ஓ.பி.டி. நோயாளி என்பதை ஆம்புலன்ஸ்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள்; ஆக்சிஜனை அவருக்கு அளந்துதான் கொடுக்க வேண்டும்.